சந்தா அக்கவுண்டை மூடுவதற்கு முன் இன்வாய்ஸ்களை எடுத்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மென்பொருள் சந்தா ஒன்றை நிறுத்தும்போது எல்லோரும் தங்கள் கோப்புகளை மறக்காமல் எடுத்துக்கொள்கிறார்கள், இன்வாய்ஸ்களை மறந்துவிடுகிறார்கள். வருடக் கடைசியில் அது என் மேசைக்கு வந்து சேர்கிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். குழப்பம் வராமல் இருக்க, சேவையில் நீங்கள் திறந்து வைத்திருப்பதை ‘அக்கவுண்ட்’ என்றும், வரவு செலவு எழுதுவதை ‘கணக்கு’ என்றும் சொல்கிறேன்.

சந்தாவை ரத்து செய்தாலே போதும்தானே? அக்கவுண்டை மூடுவது வேறா?

வேறுதான். ரத்து செய்வது என்றால் அடுத்த முறை பணம் எடுக்காதே என்று சொல்வது. அக்கவுண்ட் அப்படியே இருக்கும், உள்ளே போகலாம், பழைய இன்வாய்ஸ்களைப் பார்க்கலாம். மூடுவது அல்லது அழிப்பது என்றால் நுழைவதற்கான வழியே போய்விடும். நிறுவனம் தன் சொந்தக் கணக்குக்காக உங்கள் இன்வாய்ஸின் பிரதியை வைத்திருக்கக்கூடும். ஆனால் அது அவர்களிடம் இருக்கிறதே தவிர, உங்கள் கையில் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் காலம்தான் நமக்கு வேண்டியது. முதலில் ரத்து செய்யுங்கள். கட்டிய காலம் முடியும்வரை காத்திருங்கள். கடைசி இன்வாய்ஸும், ஏதாவது பணம் திரும்ப வரவேண்டியிருந்தால் அதற்கான ஆவணமும் வந்த பிறகு எல்லாவற்றையும் இறக்கிச் சரிபாருங்கள். அப்புறம் மூடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் செய்யாதீர்கள்.

சில சேவைகளில் ரத்து செய்ததும் இலவசத் திட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். அப்படி இறங்கிய பிறகு பில்லிங் பக்கமே மறைந்துபோன சேவைகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் அதுவரையிலான இன்வாய்ஸ்களை ரத்து பட்டனை அழுத்துவதற்கு முன்பே ஒருமுறை இறக்கிவிடுவது நல்லது. கடைசி ஒன்றை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கார்டு ஸ்டேட்மென்ட்டில் எல்லாம் இருக்கிறதே, இன்வாய்ஸ் எதற்கு?

ஸ்டேட்மென்ட் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தத் தேதியில் இந்தப் பெயருக்கு இவ்வளவு பணம் போனது. எதற்காகப் போனது, யாருக்காக வாங்கினீர்கள், எந்தக் காலத்துக்கு, அதில் வரி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்காது. வரித்துறை கேட்பது இவற்றைத்தான். வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கோரும் முறை உள்ள நாடுகளில், முறையான இன்வாய்ஸ் இல்லாமல் அந்தக் கோரிக்கையை நிலைநிறுத்துவது கடினம். வெறும் செலவாகக் காட்டும்போதுகூட, ஸ்டேட்மென்ட் துணை ஆதாரமாக நிற்குமே தவிர முதல் ஆதாரமாக நிற்காது.

அதற்காக ஸ்டேட்மென்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம். இன்வாய்ஸ் கடனைக் காட்டுகிறது, ஸ்டேட்மென்ட் அதைக் கட்டியதைக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு செலவு முழுமையாகிறது.

ரசீது என்று ஒன்று மின்னஞ்சலில் வருகிறதே, அதுவும் இன்வாய்ஸும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. பணம் பெற்றுக்கொண்டோம் என்று சொல்வது ரசீது. பல சேவைகளின் பக்கத்தில் Invoice என்று ஒரு பட்டனும் Receipt என்று ஒரு பட்டனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் இன்வாய்ஸை எடுங்கள்.

பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்வாய்ஸுக்கென்று ஒரு வரிசை எண், வெளியிட்ட தேதி, விற்றவரின் பெயர், முகவரி, வரிப் பதிவு எண், உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, தேவையான இடத்தில் உங்கள் வரிப் பதிவு எண், என்ன சேவை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, வரிக்கு முந்தைய தொகை, வரி, மொத்தம். இவை இருந்தால் தலைப்பில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் அது இன்வாய்ஸ்தான். இவற்றில் பாதி இல்லையென்றால் Invoice என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் உங்கள் கணக்காளர் திருப்பி அனுப்பத்தான் போகிறார்.

மின்னஞ்சலில் ஒவ்வொரு மாதமும் வந்துவிடுகிறது. தனியாக ஏன் இறக்க வேண்டும்?

அந்த மின்னஞ்சல்களில் ஒன்றைத் திறந்து பாருங்கள். கோப்பு இணைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது ‘உங்கள் இன்வாய்ஸைப் பார்க்க இங்கே அழுத்தவும்’ என்று இணைப்பு மட்டும்தான் இருக்கிறதா? இணைப்பு மட்டும் என்றால் உங்களிடம் இன்வாய்ஸ் இல்லை. இன்வாய்ஸ் இருக்கும் இடத்துக்கான வழிதான் இருக்கிறது. அக்கவுண்ட் மூடியதும் அந்த வழி அடைபடும். மூடாவிட்டாலும் சில இணைப்புகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு காலாவதியாகிவிடும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. என் சொந்தத் தொழிலுக்கு எடுத்திருந்த ஒரு சேவையை மூடினேன். மின்னஞ்சல் பெட்டியில் 11 மாதத்துக்கான செய்திகளும் வரிசையாக இருந்ததால் நிம்மதியாக இருந்தேன். வருடக் கணக்கு முடிக்கும்போது திறந்தால் 11 இணைப்புகளும் நுழைவுப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டன. நுழைவதற்கு அக்கவுண்ட் இல்லை. எழுதிக் கேட்டுப் பெற ஐந்து வாரம் ஆனது. அதிலும் 9 மாதத்துக்குத்தான் கிடைத்தது.

இறக்கியவை முழுமையாக இருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 20 மாதம் கட்டினால் 20 இன்வாய்ஸ்தானே?

அப்படி எண்ணிப் பார்த்து நிறுத்திக்கொள்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எந்த நாணயமாகவும் இருக்கட்டும். எளிமைக்காக வரியை விட்டுவிடுகிறேன்.

நான்கு பேர் கொண்ட ஒரு வடிவமைப்புக் குழு. வேலைகளைப் பங்கிட ஒரு சேவைக்கு மாதச் சந்தா கட்டுகிறார்கள். ஓர் ஆளுக்கு 10, ஆகவே மாதம் 40. ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி பில். முதல் வருடம் மார்ச்சில் தொடங்கி மறு வருடம் செப்டம்பரில் நிறுத்துகிறார்கள். முதல் வருடத்தில் 10 மாதம், இரண்டாவது வருடத்தில் 9 மாதம், மொத்தம் 19.

கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து எண்ணினால் 19 முறை பணம் போயிருக்கிறது. சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சேவையின் பில்லிங் பக்கத்தில் 22 ஆவணங்கள் இருக்கின்றன. மூன்று எங்கிருந்து வந்தன?

மாதம் மாதமாகப் போவோம். முதல் மார்ச் மாதம் அறிமுகச் சலுகை. 40க்கு இன்வாய்ஸ் போட்டு, முழுத் தள்ளுபடி கொடுத்து, மொத்தம் 0 என்று வந்திருக்கிறது. ஆவணம் உண்டு, பணம் போகவில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர்வரை ஏழு மாதம் 40 வீதம் போனது, 280.

அக்டோபர் 27 அன்று ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்தார். அக்டோபர் 12இல் தொடங்கிய சுற்றில் 31 நாட்கள். அதில் மீதி 16 நாட்கள். ஆகவே 10ஐ 31ஆல் வகுத்து 16ஆல் பெருக்கி 5.16க்கு அன்றே தனியாக ஓர் இன்வாய்ஸ் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம் இரண்டு இன்வாய்ஸ், இரண்டு முறை பணம். 19 என்ற எண்ணிக்கை சரியாக வந்தது எப்படி என்று இப்போது புரியும். பணம் போகாத முதல் மாதமும், இரண்டு முறை போன இந்த மாதமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. எண்ணிக்கை பொருந்தியது தற்செயல்.

நவம்பர் முதல் பிப்ரவரிவரை ஐந்து பேருக்கு 50 வீதம் நான்கு மாதம், 200. பிப்ரவரி 26 அன்று அந்த ஐந்தாவது நபர் விலகினார். பிப்ரவரி 12இல் தொடங்கிய சுற்றில் 28 நாட்கள், மீதி 14. அதற்கான 5.00ஐ கார்டுக்குத் திருப்பி அனுப்பாமல், ஒரு கிரெடிட் நோட் போட்டு அடுத்த பில்லில் கழித்தார்கள். மார்ச் மாத இன்வாய்ஸ் 40க்கு இருக்கும், கார்டிலிருந்து 35தான் போயிருக்கும்.

மே மாதம் கார்டு காலாவதியாகிவிட்டது. 12ஆம் தேதி போட்ட இன்வாய்ஸுக்குப் பணம் எடுக்க முடியவில்லை. புதிய கார்டு கொடுத்த 19ஆம் தேதி, பழைய இன்வாய்ஸை Void என்று குறித்துவிட்டு, வேறு எண்ணில் புதிதாக ஒன்று போட்டுப் பணம் எடுத்தார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை ஆறு மாதத்துக்குப் போனது 240.

கூட்டுங்கள்: 280, 5.16, 200, 35, 240. மொத்தம் 760.16. ஸ்டேட்மென்ட் இதைத்தான் காட்டும். இன்வாய்ஸ்களை நேரடியாகக் கூட்டினால் 805.16 வரும். அதில் செல்லாத இன்வாய்ஸின் 40ஐயும், கிரெடிட் நோட்டின் 5ஐயும் கழித்தால் அதே 760.16. கூடுதலாக இருந்த மூன்று ஆவணங்கள் எவை என்பதும் தெரிந்துவிட்டது: 0 இன்வாய்ஸ், கிரெடிட் நோட், செல்லாத இன்வாய்ஸ்.

அந்த மூன்றுக்கும் பணமே போகவில்லையே. அவற்றையும் ஏன் வைத்திருக்க வேண்டும்?

கிரெடிட் நோட் இல்லையென்றால் மார்ச்சில் 40க்கு இன்வாய்ஸ் இருக்கும், 35தான் கட்டியிருப்பீர்கள். மீதி 5 எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. அதைவிட முக்கியம், இன்வாய்ஸைப் பார்த்து 40ஐ முழுச் செலவாக எழுதிவிட்டால் செலவைக் கூட்டிக் காட்டியதாக ஆகிவிடும். 40க்கான வரியைத் திரும்பக் கோரியிருந்தால் அதிலும் தவறு.

செல்லாத இன்வாய்ஸ் வரிசை எண்ணுக்காக வேண்டும். எண்கள் தொடர்ச்சியாக வரும் சேவைகளில் நடுவில் ஒன்று இல்லையென்றால், காணாமல் போனதா, நீங்கள் எடுக்க மறந்ததா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். அதைத் தனியாக ‘செல்லாதவை’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். மற்றவற்றோடு கலந்தால் யாராவது ஒரு நாள் அதையும் செலவில் கூட்டிவிடுவார்கள்.

0 இன்வாய்ஸால் பெரிய பயன் இல்லை. ஆனாலும் அந்த மாதம் ஏன் பணம் போகவில்லை என்பதற்கு அது ஒரு வரிப் பதில். அரை நிமிட வேலைதான், எடுத்துவிடுங்கள்.

இன்வாய்ஸில் என் சொந்தப் பெயர் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இல்லை. என்ன செய்வது?

இதை அக்கவுண்ட் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். பில்லிங் பகுதியில் பெயர், முகவரி, வரி எண் மாற்றும் இடம் இருக்கும். ஆனால் பல சேவைகளில் அங்கே மாற்றினால் இனி வரப்போகும் இன்வாய்ஸ்களில்தான் மாறும். பழையவை அப்படியே இருக்கும். மாற்றிவிட்டோம் என்று நம்பி மூடிவிடாதீர்கள். ஒரு பழைய இன்வாய்ஸை மறுபடியும் இறக்கித் திறந்து பாருங்கள்.

பழையவை மாறவில்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். இன்வாய்ஸ் எண்களைப் பட்டியலிட்டு, எந்தப் பெயர், எந்த முகவரி, எந்த வரி எண் வர வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். சிலர் திருத்திய இன்வாய்ஸ் கொடுப்பார்கள். சிலர் பழையதற்குக் கிரெடிட் நோட் போட்டுப் புதிய எண்ணில் கொடுப்பார்கள். அப்போது மூன்றையும் வைத்திருக்க வேண்டும். சிலர் முடியாது என்பார்கள். அந்தப் பதிலையும் சேமித்து, கட்டியது நிறுவனத்தின் கார்டு என்பதைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டோடு வைத்துவிடுங்கள். PDF கோப்பில் நீங்களாகப் பெயரை மாற்றவே கூடாது. அது சிறு திருத்தமாகத் தோன்றலாம். வரித்துறையின் கண்ணில் அது ஆவணத்தைப் புனைவது.

இந்த அக்கவுண்டைத் திறந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எனக்கு பில்லிங் பக்கமே தெரியவில்லை.

குழுச் சேவைகளில் உரிமையாளருக்கோ, பில்லிங் பொறுப்பு கொடுக்கப்பட்டவருக்கோ மட்டும்தான் அந்தப் பக்கம் தெரியும். சாதாரண உறுப்பினராக நுழைந்தால் அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. வேறு நிர்வாகி யாராவது இருந்தால் உங்களுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் சேவை நிறுவனத்திடம் உரிமை மாற்றம் கேட்க வேண்டும். அதற்கு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதுவது நம்பகத்தைக் கூட்டும்.

போனவர் நல்லபடியாகப் போயிருந்தால் ஒரு ஃபோன் போட்டுக் கேட்பதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபம். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடு அவருடைய ஃபோனுக்குத்தான் போகும் என்றால், உங்கள் முன்னால் வேறு வழியும் அதிகம் இல்லை.

இதோடு இன்னொன்று. தொழிலையே மூடுகிறீர்கள், எல்லா அக்கவுண்ட்டையும் ஒவ்வொன்றாக மூடுகிறீர்கள் என்றால் நிறுவனத்தின் மின்னஞ்சலையும் டொமைனையும் கடைசியில் மூடுங்கள். கடவுச்சொல்லை மீட்கவும், தாமதமாக வரும் கிரெடிட் நோட்டைப் பெறவும் அந்த முகவரிதான் வழி.

ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டிய சந்தாவுக்கு சேவையின் தளத்தில் இன்வாய்ஸே இல்லையே?

இருக்காது. பணம் வாங்கியவர் அவர் இல்லை. ஆப்பிள் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் ஆப்பிளின் கொள்முதல் வரலாற்றிலும், கூகுள் ப்ளே வழியாகக் கட்டியிருந்தால் கூகுளின் கட்டண வரலாற்றிலும் தேட வேண்டும். கணினியில் வாங்கும் மென்பொருள்களிலும் இப்படி ஓர் இடைநிலை விற்பனையாளர் இருப்பதுண்டு. கார்டு ஸ்டேட்மென்ட்டில் மென்பொருளின் பெயருக்கு முன்னால் PADDLE.NET என்று வந்தால், விற்றவர் பேடில் என்ற நிறுவனம், இன்வாய்ஸும் அவர்களுடையது. ஸ்டேட்மென்ட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கே போய்க் கேட்பது எப்போதும் சரியான தொடக்கம்.

PDF ஆக இறக்க முடியாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதுமா?

இறக்கும் வசதியே இல்லையென்றால், பக்கத்தை உலாவியின் அச்சிடும் வசதி வழியாக PDF ஆகச் சேமியுங்கள். அதில் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும், பிறகு தேட முடியும். ஸ்கிரீன்ஷாட் கடைசி வழி.

ஆனால் இறக்கும் பட்டன் இருக்கும்போது அச்சு வழியாகச் சேமிக்காதீர்கள். அவர்கள் கொடுக்கும் மூலக் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கலாம். அச்சிட்டு மறுபடி PDF ஆக்கினால் அது போய்விடும். சில வகை மின்-இன்வாய்ஸ்களில் PDFக்கு உள்ளேயே கணினி படிக்கும் XML கோப்பு ஒன்று பதிந்திருக்கும். ஃபாக்ட்டூர்-எக்ஸ் என்ற வடிவம் அப்படிப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியும் ஆவணத்தின் ஒரு பாகம்தான். கோப்பு எப்படி வந்ததோ அப்படியே வைத்திருங்கள். பெயரை மட்டும் மாற்றலாம்.

இறக்கிய ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வேகமாக வரிசையாக அழுத்தும்போது நுழைவுக் காலம் முடிந்து, இன்வாய்ஸுக்குப் பதில் நுழைவுப் பக்கமே .pdf என்ற பெயரில் இறங்கியிருக்கும். எல்லாக் கோப்பும் ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே மாதத்தின் இன்வாய்ஸை மூன்று முறை இறக்கியிருப்பதும் சகஜம். உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

கோப்புக்கு என்ன பெயர் வைப்பது, எங்கே வைப்பது?

நான் வைக்கும் முறை இது. தேதி முதலில், வருடத்திலிருந்து தொடங்கி. அப்போதுதான் தானாக வரிசையில் நிற்கும். பிறகு சேவையின் பெயர், ஆவண எண், தொகை.

```
2024-10-12_taskapp_INV-0008_40.00.pdf
2024-10-27_taskapp_INV-0009_5.16.pdf
2025-02-26_taskapp_CN-0001_-5.00.pdf
```

கிரெடிட் நோட்டுக்குத் தொகையின் முன் கழித்தல் குறி போடுவது பிறகு கூட்டும்போது உதவும். ஃபோல்டரைச் சேவையின் பெயரில் வைக்காமல் நிதியாண்டின் பெயரில் வைத்தால் கணக்காளருக்குச் சுலபம்.

இரண்டு இடங்களில் வையுங்கள். அந்த இரண்டில் எதுவும் நீங்கள் மூடப்போகும் அக்கவுண்டாக இருக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், மேகச் சேமிப்புச் சந்தாவை மூடுகிறவர்கள் அதன் இன்வாய்ஸ்களை அந்தச் சேமிப்பிலேயே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வருடச் சந்தா கட்டி நடுவில் நிறுத்தினால் தனியாக ஏதாவது வேண்டுமா?

இன்வாய்ஸ் ஒன்றுதான், ஆனால் அதில் சேவைக் காலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 12 மாதச் சந்தா இரண்டு நிதியாண்டுகளில் விழுந்தால், உங்கள் கணக்கு முறையைப் பொறுத்து செலவைப் பிரித்து எழுத வேண்டியிருக்கும். தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இல்லாமல் பிரிக்க முடியாது. இன்வாய்ஸில் இல்லையென்றால், அந்தத் தேதிகள் தெரியும் சந்தாப் பக்கத்தை PDF ஆகச் சேமித்து அதோடு சேர்த்து வையுங்கள். ரத்து செய்ததை உறுதிப்படுத்தும் மின்னஞ்சலும் வேண்டும்.

மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப வருமானால் கிரெடிட் நோட் வரும்வரை மூட வேண்டாம். பணம் கார்டுக்கு வந்துவிட்டது, ஆவணம் வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

பயன்பாட்டுக்கு ஏற்ற பில் என்றால்?

சர்வர், செய்தி அனுப்பும் சேவை போன்றவற்றில் பயன்படுத்திய பிறகுதான் பில் வரும். இந்த மாதம் நிறுத்தினால் இந்த மாதத்துக்கான இன்வாய்ஸ் அடுத்த மாதத் தொடக்கத்தில் வரும். அதுவரை அக்கவுண்டும், அதில் இருக்கும் கார்டும் அப்படியே இருக்கட்டும். பயன்பாட்டு அறிக்கையையும் CSV ஆக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் மட்டும் ஏன் தொகை கூடியது என்ற கேள்விக்கு இன்வாய்ஸைவிட அதில்தான் பதில் இருக்கும்.

வேற்று நாணயத்தில் கட்டினேன். எந்தத் தொகையை எழுதுவது?

இன்வாய்ஸில் ஒரு தொகை, ஸ்டேட்மென்ட்டில் உங்கள் நாணயத்தில் வேறு தொகை, சில சமயம் வங்கியின் மாற்றுக் கட்டணம் தனியாக. எந்த நாளின் மாற்று விகிதத்தை எடுப்பது என்பதை உங்கள் ஊர் வரிவிதி சொல்லும், கணக்காளரைக் கேளுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு ஆவணங்களையும் ஜோடியாக வைப்பது. வங்கிக் கட்டணம் சேவையின் விலை அல்ல, அதைத் தனிச் செலவாக எழுத வேண்டும்.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் பல இடங்களில் அந்தக் காலம் இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓடுவதில்லை. அந்த நிதியாண்டின் முடிவிலிருந்தோ, வரிக் கணக்கைத் தாக்கல் செய்ததிலிருந்தோ ஓடும். நாமாகத் தேதியிலிருந்து எண்ணினால் ஒரு வருடம் முன்னதாகவே அழித்துவிடுவோம்.

நான் ஏற்கனவே மூடிவிட்டேன். இனி வழி இருக்கிறதா?

இருக்கிறது, தாமதிக்காமல் இறங்கினால். பல சேவைகள் மூடிய அக்கவுண்டை உடனே அழிப்பதில்லை. சில நாட்களோ வாரங்களோ மீட்கும் வாய்ப்பு வைத்திருக்கும். மூடியதும் வந்த மின்னஞ்சலில் அந்தக் காலம் எழுதியிருக்கும். அதற்குள் என்றால் மீட்டு, இறக்கி, மறுபடி மூடுங்கள்.

காலம் கடந்திருந்தால் முதலில் பழைய மின்னஞ்சல்களில் சேவையின் பெயரைப் போட்டு, இணைப்புக் கோப்பு உள்ளவற்றை மட்டும் தேடுங்கள். குழுவில் வேறு யாருக்காவது பில் மின்னஞ்சலின் பிரதி போய்க்கொண்டிருந்ததா என்றும் கேளுங்கள். பிறகு சேவை நிறுவனத்தின் பில்லிங் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் உங்களைத் தங்கள் பதிவில் கண்டுபிடிக்க எது தேவையோ அதைக் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும்: அக்கவுண்டின் மின்னஞ்சல், நிறுவனத்தின் பெயர், கார்டின் கடைசி நான்கு இலக்கம், பணம் போன தேதிகளும் தொகைகளும். கார்டின் முழு எண்ணை எழுதாதீர்கள். ‘எல்லா இன்வாய்ஸையும் அனுப்புங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஸ்டேட்மென்ட்டிலிருந்து தேதியும் தொகையுமாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இன்வாய்ஸ் எண் கேளுங்கள்.

அதுவும் நடக்கவில்லையென்றால் ஸ்டேட்மென்ட், பணம் பெற்றதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்கள், விலைத் திட்டத்தின் விவரம், நீங்கள் கேட்டதும் அவர்கள் மறுத்ததுமான கடிதங்கள் ஆகியவற்றை ஒன்றாகத் தொகுத்துக் கணக்காளரிடம் கொடுங்கள். செலவாக ஏற்றுக்கொள்ளப்பட வாய்ப்பு உண்டு. வரியைத் திரும்பக் கோரியிருந்தால் அந்தப் பகுதியை விட்டுக்கொடுக்க நேரலாம்.

மூடிய பிறகும் பணம் எடுத்துவிட்டார்கள்!

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, முன்பு சொன்ன பயன்பாட்டு பில். எந்தக் காலத்துக்கான தொகை என்று கேளுங்கள். மூடுவதற்கு முந்தைய காலம் என்றால் அது நியாயமான பில்தான், இன்வாய்ஸ் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, வேறொரு மின்னஞ்சலில் திறந்த இரண்டாவது அக்கவுண்ட், அல்லது ஆப் ஸ்டோர் வழியாக ஓடும் தனிச் சந்தா. தளத்தில் அக்கவுண்டை அழித்தாலும் ஸ்டோரில் இருக்கும் சந்தா தானாக நிற்காது, அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும். இரண்டுமே இல்லையென்றால், ரத்து உறுதி மின்னஞ்சலின் தேதியைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அதே மின்னஞ்சலோடு கார்டு கொடுத்த வங்கியிடம் ஆட்சேபணை பதிவு செய்யலாம். வங்கிகள் இதற்குக் கெடு வைத்திருக்கின்றன. அதனால் மூடிய பிறகு வரும் இரண்டு மூன்று ஸ்டேட்மென்ட்களையும் வந்தவுடனேயே பாருங்கள்.